பழைய வாஷிங் மெஷின் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரும்பாலான பதில்கள் முன்பக்கம் வட்டக் கதவு உள்ள ஃப்ரண்ட் லோடு மெஷினைப் பற்றியவை. பழையதாக வாங்கி அதிகம் ஏமாறுவது அதில்தான். மற்ற இரண்டு வகைகளுக்கும் தனியாக ஒரு பதில் இருக்கிறது.

நேரம் குறைவாக இருந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

டிரம்முக்குப் பின்னால் இருக்கும் பேரிங்கை. வெளிப்பூச்சு, திரை, பொத்தான்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

துணி சுழலும் எஃகு டிரம்மைச் சுற்றி, தண்ணீர் நிற்பதற்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. டிரம்மின் தண்டு அந்தத் தொட்டியின் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து மோட்டாரோடு சேர்கிறது. துளையில் இரண்டு பேரிங்குகள் தண்டைத் தாங்குகின்றன. தண்ணீர் அவற்றைத் தொடாமல் ஒரு ரப்பர் ஆயில் சீல் தடுக்கிறது. வருடங்கள் ஆக ஆக அந்த ரப்பர் இறுகித் தேய்கிறது. சோப்புத் தண்ணீர் உள்ளே கசிந்து கிரீஸை அரித்துக்கொண்டு போகிறது, பேரிங் துருப்பிடிக்கிறது.

பேரிங்கின் விலை பெரிதல்ல. அதை மாற்ற மெஷினை எலும்புக்கூடு வரை பிரிக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். அதோடு, பல மாடல்களில் தொட்டியின் முன்பாதியும் பின்பாதியும் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் பேரிங் மட்டும் மாற்ற முடியாது. தொட்டியையே மாற்ற வேண்டும், அல்லது அறுத்து மறுபடி ஒட்டத் தெரிந்த மெக்கானிக்கைத் தேட வேண்டும். பேரிங் போன மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் நான் யோசித்துத்தான் எடுப்பேன்.

கருவி எதுவும் இல்லாமல் பேரிங்கை எப்படிச் சோதிப்பது?

மூன்று சோதனைகள் உண்டு. மெஷினை அணைத்துவிட்டு, டிரம் காலியாக இருக்கும்போது செய்யுங்கள்.

கதவைத் திறந்து, டிரம்மின் உள்விளிம்பை மேல்பக்கத்தில் பிடித்து மேலே தூக்குங்கள், பிறகு கீழே அழுத்துங்கள். டிரம்மும் அதைச் சுற்றியுள்ள தொட்டியும் ஒரே உடலாகச் சேர்ந்து ஆடினால் நல்லது. தொட்டி ஸ்பிரிங்கில் தொங்குகிறது, ஆடத்தான் செய்யும். தொட்டி அசையாமல் டிரம் மட்டும் தனியாக ஏறி இறங்கி, ‘டக்’ என்று ஒரு இடி கைக்குத் தெரிந்தால் பேரிங் தளர்ந்துவிட்டது. இந்த வித்தியாசம் முதல் முறையிலேயே புரியாது. கடைக்குப் போகும் முன் தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் ஒரு மெஷினில் தூக்கிப் பாருங்கள், கை பழகிவிடும்.

அடுத்து டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். லேசான சலசலப்பு இருக்கலாம். மணலை அரைப்பது போன்ற கரகரப்பு இருக்கக் கூடாது.

மூன்றாவது, ஒரு டார்ச்சுடன் பின்பக்கம் போங்கள். பின்தகட்டைக் கழற்றச் சம்மதித்தால் தொட்டியின் நடுப்பகுதியைப் பாருங்கள். தண்டு வெளிவரும் இடத்திலிருந்து கீழ்நோக்கிக் காவி நிறத்தில் கோடு வழிந்திருந்தால் சீல் எப்போதோ போய்விட்டது என்று பொருள். சத்தம் இன்னும் பெரிதாக வராமல் இருக்கலாம், ஆனால் வந்தே தீரும்.

விற்பவர் போர்வெல் தண்ணீரில்தான் துவைத்தாராம். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் இரண்டு இடங்களைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

டிரம்மின் முதுகில் மூன்று கைகள் கொண்ட ஒரு உலோக நட்சத்திரம் பொருத்தப்பட்டிருக்கிறது. மெக்கானிக்குகள் அதை ஸ்பைடர் என்பார்கள். டிரம் எஃகாக இருந்தாலும் இது பெரும்பாலும் அலுமினியக் கலவை. உப்புத் தண்ணீரும் சோப்பின் காரமும் அதன் மடிப்புகளில் தங்கித் தங்கி உலோகத்தை வெள்ளை மாவாக அரித்துவிடும். வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஆனால் டிரம்மை மெதுவாகக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, டிரம்மின் விளிம்புக்கும் கதவு ரப்பருக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். சுற்று முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் விரிந்து எதிர்ப்புறம் ஒடுங்கினால் ஸ்பைடரில் விரிசல் இருக்கலாம். அதிவேகத்தில் சுழலும்போது அது உடைந்தால் டிரம் தொட்டியையே கிழித்துவிடும். அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று ஹீட்டர். உப்பு முதலில் படிவது சூடான கம்பியில்தான். படிவு தடித்தால் தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கும், பிறகு ஒருநாள் கம்பி எரிந்துபோகும். ஹீட்டரை மாற்றுவது பேரிங் போல் பெரிய வேலையல்ல. அதனால் இது விலையைக் குறைக்கச் சொல்லும் காரணம் மட்டுமே.

ஓட விட்டுப் பார்க்கிறேன் என்றால், எவ்வளவு நேரம், எந்தப் புரோகிராம்?

அரைமணி நேரமாவது வேண்டும். “ஆன் ஆகிறது பாருங்கள், சுற்றுகிறது பாருங்கள்” என்று இரண்டு நிமிடத்தில் முடிப்பதைச் சோதனை என்று ஏற்காதீர்கள். வெறும் டிரம் சுற்றும்போது எந்த மெஷினும் நல்ல மெஷின்தான்.

வீட்டிலிருந்து நான்கைந்து குளியல் துண்டுகளை எடுத்துப்போங்கள். ஒரே ஒரு துண்டு போட்டால் எடை ஒரு பக்கம் ஒதுங்கி, நல்ல மெஷின்கூட வேகம் எடுக்காமல் நின்றுவிடும். மெஷினுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். சொட்டு விழுந்தால் ஈரவட்டம் காட்டிக்கொடுத்துவிடும். 60 டிகிரி வெப்பத்தில் துவைக்கத் தொடங்குங்கள்.

கதவு பூட்டும் ‘க்ளிக்’ சத்தம் முதலில் வர வேண்டும். தண்ணீர் ஏறி, டிரம் இரு திசையிலும் மாறி மாறிச் சுழல வேண்டும். ஒரே திசையில் மட்டும் சுற்றினால் போர்டிலோ மோட்டாரிலோ கோளாறு. கால்மணி நேரம் கழித்துக் கதவுக் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. பிறகு அந்தப் புரோகிராமை நிறுத்திவிட்டு, பிழிவதற்கான ஸ்பின்னை மட்டும் தேர்ந்தெடுத்து அதிகபட்ச வேகத்தில் வையுங்கள்.

இங்கேதான் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுக்க வேண்டும். முதலில் தண்ணீர் தடையின்றி வெளியேற வேண்டும். பிறகு வேகம் படிப்படியாக ஏறும். ஏறும்போது சில விநாடிகள் உடல் குலுங்குவது இயல்பு, ஒரு வேகத்தைத் தாண்டியதும் அடங்கிவிட வேண்டும். அடங்காமல் நடந்துகொண்டே வந்தால், மெஷின் மட்டமாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். மட்டமாக நின்றும் குலுங்கினால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கும். உச்ச வேகத்தில் காற்று கிழிபடும் இரைச்சல் சரி. விமானம் எழும்புவது போன்ற உறுமல் வந்தால், முன்பு கையால் செய்த சோதனையில் பிடிபடாத பேரிங் இப்போது பேசுகிறது.

முடிந்ததும் கதவைத் திறந்து துண்டுகளைத் தொட்டுப் பாருங்கள். கையில் நீர் சொட்டக் கூடாது. கதவு ரப்பரின் கீழ்மடிப்பை விரித்து, கிழிசலும் கரும்பூஞ்சையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நாணயமும் ஊக்கும் சிக்கி அடிமடிப்பில்தான் முதலில் கிழியும்.

கடையில் தண்ணீர்க் குழாய் இணைப்பு இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?

ஒரு வாளியில் பத்து லிட்டர் தண்ணீர் போதும். சோப்புத் தட்டு வழியாக மெதுவாக ஊற்றினால் தொட்டிக்குள் இறங்கிவிடும். பிறகு ஸ்பின் புரோகிராமைத் தொடங்கினால் நீர் வெளியேற்றமும் சுழற்சியும் ஒருசேரச் சோதிக்கப்பட்டுவிடும். கழிவுநீர்க் குழாயை வேறொரு வாளிக்குள் விடுங்கள். குழாய்நீரை உள்ளே விடும் வால்வு மட்டும் சோதிக்கப்படாமல் போகும், அது மலிவான பாகம்.

வாளித் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் வழி செய்ய மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

ஓடும்போது திரையில் ஏதோ எழுத்து வந்து நின்றுவிட்டது. அதனால் வேண்டாமா?

எந்த எழுத்து என்பதைப் பொறுத்தது. எல்ஜி மெஷின்களில் IE என்றால் தண்ணீர் வரவில்லை, OE என்றால் தண்ணீர் வெளியேறவில்லை, UE என்றால் எடை ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது, dE என்றால் கதவு மூடவில்லை. இவற்றில் பல, மூடிய குழாயாலோ அடைத்த வடிகட்டியாலோ வருபவை. கீழே முன்பக்கம் இருக்கும் சிறு மூடியைத் திறந்து வடிகட்டியைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். LE வந்தால் கவனம் தேவை, அது மோட்டார் சுழலவில்லை என்கிறது. துணியைக் குறைத்து ஓட்டிய பிறகும் வந்தால் மெக்கானிக் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மற்ற நிறுவனங்களின் குறியீடுகள் வேறு. மாடல் எண்ணை வைத்து அதன் கையேட்டைப் பாருங்கள்.

உடலைத் தொட்டபோது லேசாகச் சுருக்கென்றது. ஆபத்தா?

இரண்டு காரணங்கள் இருக்கலாம், அவற்றைப் பிரித்து அறிய வேண்டும். மின்னணுப் போர்டு உள்ள மெஷின்களில் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் உடலோடு இணைந்திருக்கும். வீட்டில் எர்த் சரியாக இல்லையென்றால், குறையே இல்லாத மெஷினும் லேசாகச் சுருக்கென்று அடிக்கும். டெஸ்டரும் எரியும். அது வீட்டு வயரிங்கின் குறை, மெஷினுடையதல்ல.

அதனால் எர்த் உறுதியாக உள்ள, மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்திய இணைப்பில் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் சூடாகத் தொடங்கும் நேரத்தில் ஆர்சிசிபி விழுந்தால் ஹீட்டர் கம்பியின் காப்பு உடைந்து மின்சாரம் கசிகிறது. இந்தச் சோதனையை முடிக்காமல் மெஷினை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஈரக்கையோடு ஈரத்தரையில் நின்று தொடும் பொருள் இது. விற்பவர் எர்த் முள்ளை வெட்டிவிட்டு இரண்டு முள் பிளக் போட்டிருந்தால், ஏன் என்று கட்டாயம் கேளுங்கள். ஆர்சிசிபி அடிக்கடி விழுவதை மறைக்க அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளத்தில் நின்ற மெஷினா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தள வீடுகளில் இடுப்பளவு தண்ணீர் நின்ற தெருக்கள் உண்டு. ஃப்ரண்ட் லோடு மெஷினில் பம்பும், பல மாடல்களில் மோட்டாரும் அடியில்தான் இருக்கின்றன. வெளியே துடைத்துப் பளபளப்பாக்கலாம், உள்ளே துடைக்க முடியாது. பின்தகட்டைக் கழற்றி, உள்சுவரில் ஒரே மட்டத்தில் மங்கிய கோடு ஓடுகிறதா, திருகு ஓட்டைகளிலும் மூலைகளிலும் வண்டல் ஒட்டியிருக்கிறதா, வயர் முனைகள் பச்சை பூத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியே அடித்தட்டில் எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

கடைக்காரர் ஆறு மாத கியாரண்டி என்கிறார். நம்பலாமா?

எழுதிக் கொடுத்தால் நம்பலாம். மெஷினின் தகட்டில் உள்ள வரிசை எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பாகத்துக்கு எத்தனை மாதம், மெக்கானிக் கூலி யாருடையது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அதே தகட்டில் உற்பத்தி செய்த மாதமும் வருடமும் பெரும்பாலும் இருக்கும். “மூன்று வருட மெஷின்” என்ற பேச்சை அதனோடு ஒப்பிடுங்கள். தகடு கிழிக்கப்பட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

“மோட்டாருக்குப் பத்து வருடம் கம்பெனி வாரண்டி இருக்கிறது” என்பதையும் அடிக்கடி கேட்பீர்கள். அது மோட்டாருக்கு மட்டும். நாம் பயப்படும் பேரிங்கும் தொட்டியும் போர்டும் அதில் சேரா. அதுவும் அசல் பில் கையில் இருந்தால்தான் கேட்கவே முடியும்.

கடையில் கட்டாயம் செய்ய வேண்டிய இன்னொரு சோதனை கதவுப் பூட்டு. பூட்டு கெட்டதும் புதிது போடாமல் வயரை நேராக முறுக்கி இணைத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. டிரம் சுழலும்போது கதவை இழுத்துப் பாருங்கள், திறக்கக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வாங்குபவர்கள் இதில் சமாதானம் ஆகவே கூடாது.

எவ்வளவு விலை கொடுக்கலாம்?

என் கணக்கு எளிது. கேட்கும் விலை, உடனே செய்ய வேண்டிய பழுது, வண்டிக் கூலி, பொருத்தும் கூலி நான்கையும் கூட்டுங்கள். அதே அளவு புது மெஷினின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால் வேண்டாம். ஏழெட்டு வருடம் ஓடியதென்றால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

என் அண்ணிக்காக மேடவாக்கத்தில் மெஷின் தேடினோம். அதே குடியிருப்பில் மூன்றாம் மாடிக்காரர்கள் கோயம்புத்தூருக்குக் குடிபோவதால் ஏழு வருட மெஷினை 9,000 ரூபாய்க்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். உறை போட்டு வைத்திருந்ததால் கீறல்கூட இல்லை. டிரம்மைத் தூக்கியபோது மெல்லிய இடி தெரிந்தது. துண்டுகளைப் போட்டு ஸ்பின் விட்டதும் உறுமல் கூடத்துக்கே கேட்டது. பின்தகட்டுக்குள் காவிக்கோடு. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, ஒட்டிய தொட்டி, மாற்றினால் கூலியோடு 9,500 ஆகும் என்றார். ஆக மொத்தம் 18,500. அதே அளவு புது மெஷின் அப்போது 27,000. விட்டுவிட்டோம்.

பிறகு ஒரு கடையில் ஐந்து வருட மெஷின் 11,500 சொன்னார்கள். பார்வைக்கு முதல் மெஷினைவிட மோசம், ஒரு பக்கத்தில் நசுங்கல்கூட இருந்தது. ஆனால் டிரம் ஒரே உடலாக ஆடியது, உச்ச வேகத்தில் பக்கத்தில் நின்று பேச முடிந்தது. கதவு ரப்பரின் அடியில் விரல்நீளக் கிழிசல். புது ரப்பர் போட்டுத் தர வேண்டும், நசுங்கலுக்கும் குறைக்க வேண்டும் என்று பேசி 10,000-க்கு முடித்தோம். வண்டிக்கும் பொருத்தவும் 1,200. இரண்டு வருடம் ஆகிறது, வடிகட்டி சுத்தம் செய்வதைத் தவிர அதில் யாரும் கை வைக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா விற்கிறார். குறை கண்டால் எப்படிச் சொல்வது?

மனம் நோகாமல், ஆனால் மறைக்காமல். மூன்றாம் மாடி அக்கா பொய் சொல்லவில்லை. சத்தம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் அவர் காதுக்கு அதுவே இயல்பாகிவிட்டது. “அக்கா, நாளைக்கு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவர் சொல்வதைப் பார்த்து முடிவு செய்வோம்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மெக்கானிக் கூலியை நீங்கள் கொடுங்கள். குறையை மூன்றாமவர் சொல்லும்போது இரு வீட்டுக்கும் சங்கடமில்லை. முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் அதைத் திருப்பிக் கேட்பதுதான் உறவைக் கெடுக்கிறது.

டாப் லோடும் செமி ஆட்டோமேட்டிக்கும் வாங்க என்ன பார்க்க வேண்டும்?

டாப் லோடில் டிரம் நான்கு கம்பிகளில் தொங்குகிறது. விளிம்பைக் கீழே அழுத்தி விடுங்கள். ஓரிரு ஆட்டத்தில் நிற்க வேண்டும், ஊஞ்சல் போல் ஆடிக்கொண்டே இருந்தால் கம்பிகளை மாற்ற வேண்டும். ஸ்பின் ஓடும்போது மூடி பூட்டியிருக்க வேண்டும், பூட்டில்லாத மாடலில் மூடியைத் திறந்ததும் டிரம் நிற்க வேண்டும்.

செமி ஆட்டோமேட்டிக்கில் பிழியும் பக்கத்து மூடியைத் திறந்தால் 15 விநாடிக்குள் நிற்காவிட்டால் பிரேக் போய்விட்டது. பிழியும் டிரம்முக்கு அடியில் சீல் கசிந்தால் நீர் நேராக மோட்டார் மேல் விழும். அதனால் மெஷினைச் சாய்த்து அடிப்பக்கத் துருவைப் பாருங்கள். பழையதாக வாங்க இதுவே அச்சம் குறைந்த வகை, எந்தத் தெரு மெக்கானிக்கும் பழுது பார்ப்பார்.

மேல்தளத்தில் இருக்கிறோம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நேர் மேலேயே இருக்கிறது. தண்ணீர் வேகம் போதுமா?

பல ஃப்ரண்ட் லோடு மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும். அதாவது குழாயைவிடத் தொட்டியின் நீர்மட்டம் ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். குறைந்தால் சிறு பம்பு தேவைப்படும், அந்தச் செலவையும் விலைக் கணக்கில் சேருங்கள்.

வாங்கியாயிற்று. எடுத்துவரும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஸ்பிரிங்கில் தொங்கும் தொட்டியை இறுக்கிப் பிடிக்க, பின்பக்கம் மூன்று நான்கு பெரிய போல்ட்டுகள் போடும் ஓட்டைகள் உண்டு. புதிதாக வந்தபோது கழற்றிய போல்ட்டுகளை விற்பவரிடம் கேளுங்கள், பலர் அலமாரி மூலையில் வைத்திருப்பார்கள். இல்லையென்றால் கதவுக்கும் தொட்டிக்கும் நடுவே போர்வையைத் திணித்து, படுக்க வைக்காமல் நிமிர்த்தியே கொண்டுவாருங்கள். புறப்படும் முன் வடிகட்டி மூடியைத் திறந்து மீதித் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

வீட்டில் வைத்ததும் போல்ட்டுகளைக் கழற்றிய பிறகுதான் இயக்க வேண்டும். மறந்து ஸ்பின் விட்டால் நல்ல மெஷின் அன்றைக்கே கெடும். கால்களைத் திருகி, நான்கு மூலையில் எதை அழுத்தினாலும் ஆடாதபடி மட்டம் செய்யுங்கள். துணி போடாமல் ஒருமுறை சூடான நீரில் ஓட்டிவிட்டு, அடுத்த முறை அதே துண்டுகளைப் போட்டு உச்ச வேகத்தில் ஒரு ஸ்பின் விடுங்கள். கடையில் கேட்ட சத்தத்தோடு இது ஒத்துப்போகவில்லையென்றால், அன்றே கடைக்காரரை அழைத்துக் கேட்க வையுங்கள்.